செருப்பு முதல் டம்ளர் வரை: ஒரு வீட்டுக் காட்சிக்கு ஃபோலிப் பட்டியல் போடும் முறை

குறும்படத்துக்கு ஃபோலி செய்ய உட்காரும் புதியவர்கள் முதலில் மைக்கைத் தேடுவார்கள். முதலில் வேண்டியது ஒரு தாளும் பேனாவும்தான். எந்தச் சத்தம், எந்த நொடியில், எந்தப் பொருளிலிருந்து, எவ்வளவு கிட்டத்தில் என்று எழுதிய பட்டியல் இல்லாமல் பதிவு செய்யத் தொடங்கினால், இரவு முழுக்கப் பாத்திரம் உருட்டிய பிறகும் காலையில் எடிட் மேசையில் பாதிச் சத்தம் இருக்காது. இருக்கும் பாதியில் பலவும் தேவைப்படாது.

ஃபோலி என்பது படத்தைத் திரையில் ஓடவிட்டு, அதைப் பார்த்துக்கொண்டே நடந்து, உரசி, தட்டி, அசைவுக்குச் சரியாகச் சத்தம் பதிவு செய்யும் முறை. 1920களின் இறுதியில் ஹாலிவுட்டின் யூனிவர்சல் ஸ்டுடியோவில் இப்படி வேலை பார்த்த ஜாக் ஃபோலியின் பெயரே அதற்கு நிலைத்துவிட்டது. நம் ஊரில் இதற்குத் தேவை இன்னும் அதிகம். வசனத்தைப் பின்னால் டப்பிங்கில் பேசும் படங்களில், படப்பிடிப்பில் பதிவான பைலட் டிராக் வெறும் வழிகாட்டி. அதை எடுத்துவிட்டால் செருப்புச் சத்தம், வளையல், கதவு எல்லாம் அதோடு போய்விடும். நேரடி ஒலிப்பதிவு செய்த படமானாலும், நாளைக்கு அதைத் தெலுங்கில் டப் செய்யத் தமிழ் வசனத்தை நீக்கும்போது வசனத்தின் அடியில் இருந்த சத்தங்களும் சேர்ந்தே நீங்கும். அந்தப் பள்ளங்களை நிரப்புவது ஃபோலிதான்.

இங்கே எடுத்துக்கொள்ளும் காட்சி 75 நொடி. வேலை முடிந்து வீடு திரும்பும் ஒரு பெண் இரும்புக் கேட்டைத் திறந்து, ஹவாய் செருப்போடு சிமென்ட் பாதையில் நடந்து வருகிறாள். பூட்டைத் திறந்து, செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போகிறாள். கதவைத் தாழிட்டுவிட்டு, மொசைக் தரையில் வெறுங்காலோடு சமையலறைக்குப் போய், பால் காய்ச்சிக் காப்பி ஆற்றுகிறாள். பருத்திச் சேலை, இரண்டு கையிலும் கண்ணாடி வளையல். வசனம் கிடையாது. வசனம் இல்லாத காட்சியில் தவறு மறைய இடமில்லை என்பதால் பழகுவதற்கு இதுதான் ஏற்றது.

படம் கைக்கு வந்ததும்

எடிட் முடிந்த படத்தைத்தான் வாங்க வேண்டும். "ரெண்டு ஷாட்டை மட்டும் கொஞ்சம் வெட்டணும்" என்று எடிட்டர் சொன்னால், அது முடியும்வரை காத்திருங்கள். 10 ஃபிரேம் வெட்டினாலும் அதற்குப் பிறகு வரும் ஒவ்வொரு காலடியும் இடம் மாறும்.

நொடிக்கு 25 ஃபிரேம் என்று நிலையான வேகத்தில், நேரக் குறியீடு படத்தின் மூலையில் தெரியும்படி ஏற்றுமதி செய்து தரச் சொல்லுங்கள். படம் 24 ஃபிரேமில் எடுத்தது என்றால் 24-லேயே வாங்குங்கள். எதுவானாலும் உங்கள் ஒலி மென்பொருளிலும் அதே எண்ணை வையுங்கள். கைபேசியில் எடுத்த வீடியோ பெரும்பாலும் சீரான ஃபிரேம் வேகத்தில் இருக்காது. அதை மாற்றாமல் அப்படியே போட்டால் முதல் 20 நொடி சரியாக இருப்பதுபோலத் தெரியும், அதன் பிறகு சத்தமும் படமும் மெல்ல மெல்லப் பிரியும். காட்சியின் தொடக்கத்தில் ஒத்துப்போய் கடைசியில் விலகினால் உங்கள் கை தாமதமாகவில்லை, ஃபிரேம் வேகம் தவறு என்று புரிந்துகொள்ளலாம்.

ஒலிப்பதிவு அமைப்பு 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட். ஹெட்ஃபோன் கம்பி உள்ளதாக இருக்கட்டும். புளூடூத் ஹெட்ஃபோனில் சத்தம் காதுக்கு வந்துசேரவே தாமதமாகும் என்பதால், எது சரி எது பிந்தியது என்று பதிவின்போது தீர்மானிக்க முடியாது.

மூன்று முறை பார்த்து எழுதுங்கள்

முதல் முறை பைலட் டிராக்கை அணைத்துவிட்டுக் கால்களை மட்டும் பாருங்கள். என்ன செருப்பு, என்ன தரை, எத்தனை அடி என்று எண்ணுங்கள். கால் சட்டகத்துக்குள் தெரியாத ஷாட்டில் தோளைப் பார்த்தால் போதும். ஒவ்வொரு அடிக்கும் தோள் ஒருமுறை ஏறி இறங்கும்.

இரண்டாம் முறை கைகளை மட்டும் பாருங்கள். கை எதைத் தொடுகிறது, எதை எடுக்கிறது, எங்கே வைக்கிறது? ஒரு பொருளைத் தூக்குவதற்கு ஒரு வரி, வைப்பதற்கு ஒரு வரி. எடுத்த சத்தத்தை எழுதிவிட்டு வைத்த சத்தத்தை விடுவதுதான் புதியவர்களின் பட்டியலில் அதிகம் காணப்படும் ஓட்டை.

மூன்றாம் முறை பைலட் டிராக்கைப் போட்டுக் கேளுங்கள். கண்ணுக்குத் தெரியாமல் காதுக்கு மட்டும் கேட்பவை இப்போதுதான் பிடிபடும். கேமராவுக்குப் பின்னால் கேட் தானாக ஆடி மோதுவது, உடலுக்கு மறைவில் பை இறங்குவது போன்றவை. பைலட் எவ்வளவு மோசமாக இருந்தாலும் அந்த இடத்தில் நிஜமாக என்ன கேட்டது என்பதற்கு அது ஒன்றுதான் சாட்சி. அழித்துவிடாதீர்கள்.

வரிகளை எழுதும்போது ஒரு விதியை மட்டும் பிடித்துக்கொள்ளுங்கள்: ஒரு வரிக்கு ஒரு மோதல் அல்லது ஒரு உரசல். "கதவு திறக்கும் சத்தம்" என்று ஒரே வரியில் எழுதினால், பதிவு செய்பவர் ஒரு கதவை ஒருமுறை திறந்து மூடிவிட்டுப் போவார். படத்திலோ அந்தப் பெண் கதவைத் தள்ளிவிட்டு இரண்டு நொடி நின்று செருப்பைக் கழற்றுகிறாள். அந்த ஒற்றைச் சத்தத்தை அங்கே எப்படி நீட்டினாலும் ஒட்டாது. அதையே பூட்டு, கொண்டி, கீல், பலகை என்று பிரித்து எழுதியிருந்தால் எந்த நேரத்துக்கும் பொருத்தலாம்.

காட்சியின் நடுப்பகுதிக்கு, அதாவது வாசலில் நிற்பது முதல் ஹாலைக் கடப்பது வரைக்கும், பட்டியல் இப்படி வரும். நேரம் நிமிடம், நொடி, ஃபிரேம் என்ற வரிசையில் உள்ளது.

| எண் | நேரம் | பிரிவு | சத்தம் | கேமரா தூரம் |
|---|---|---|---|---|
| 7 | 00:11:05 | பொருள் | பைக்குள்ளிருந்து சாவிக்கொத்தை எடுப்பது | கிட்ட |
| 8 | 00:13:08 | பொருள் | பூட்டில் சாவி நுழைவது | மிகக் கிட்ட |
| 9 | 00:14:02 | பொருள் | சாவி திரும்பி, பூட்டின் வளையம் துள்ளுவது | மிகக் கிட்ட |
| 10 | 00:15:15 | கதவு | கொண்டி விலகி மரத்தில் இடிப்பது | கிட்ட |
| 11 | 00:17:02 | கதவு | கீல் கிரீச்சிடுவது, 1 நொடி | கிட்ட |
| 12 | 00:18:20 | காலடி | வலது செருப்பு, பிறகு இடது செருப்பு கழல்வது | நடு |
| 13 | 00:21:00 | காலடி | வெறுங்கால், மொசைக், 2 அடி, திரும்புவது | நடு |
| 14 | 00:22:14 | கதவு | பலகை நிலையில் சேர்வது | நடு |
| 15 | 00:23:12 | கதவு | தாழ்ப்பாள் தள்ளுவது | நடு |
| 16 | 00:25:20 | காலடி | வெறுங்கால், மொசைக், 9 அடி | தூரம் |
| 17 | 00:28:06 | பொருள் | துணிப்பை நாற்காலியில் விழுவது, உள்ளே சாப்பாட்டு டப்பா | தூரம் |

துணிக்கும் வளையலுக்கும் இந்த அட்டவணையில் வரி இல்லை. அவை காட்சி முழுக்கத் தொடர்வதால் "00:00:00 முதல் 01:15:00 வரை" என்று தனியாக ஒவ்வொரு வரி போதும். மாலைத் தெருவின் இரைச்சல், வீட்டுக்குள் நிலவும் அமைதி ஆகியவை சூழல் ஒலி. அவற்றைத் தனியாக எடுத்துக்கொள்ளலாம், ஃபோலியோடு கலக்க வேண்டாம்.

பட்டியலை எழுதியது நேர வரிசையில். பதிவு செய்வது அந்த வரிசையில் வேண்டாம். பிரிவு வாரியாக எடுங்கள்: முதலில் காட்சி முழுவதற்கும் காலடி, அடுத்து துணி, பிறகு பொருள்கள், கடைசியில் கதவு. மைக்கின் இடத்தையும், சத்தத்தைப் பெருக்கும் அளவான கெயினையும் ஒவ்வொரு வரிக்கும் மாற்றிக்கொண்டிருந்தால், ஒரே ஆள் நடக்கும் இரண்டு ஷாட்டில் இரண்டு பேர் நடப்பதுபோல இருக்கும்.

அறை

வீட்டில் எடுப்பதானால் மெத்தை, பீரோ நிறையத் துணி உள்ள படுக்கையறையே சிறந்தது. சுவர்கள் இரண்டில் ஜமக்காளமோ தடித்த போர்வையோ தொங்கவிடுங்கள். அறையின் எதிரொலி சத்தத்தில் ஏறிவிட்டால் பிறகு எடுக்க முடியாது. எதிரொலி இல்லாமல் எடுத்ததற்குப் பின்னால் சேர்ப்பது சுலபம். மின்விசிறி, ஏசி, ஃபிரிட்ஜ், இன்வெர்ட்டர் எல்லாவற்றையும் அணைத்துவிட்டு ஒரு நிமிடம் வெறும் அறையைப் பதிவு செய்து, ஒலியைக் கூட்டிவைத்துக் கேளுங்கள். அதில் கேட்கும் இரைச்சல் ஒவ்வொரு டேக்கிலும் இருக்கப்போகிறது. (ஃபிரிட்ஜை அணைத்ததும் வண்டிச் சாவியை அதற்குள் வைத்துவிடுவது ஒலிப்பதிவுக்காரர்களின் பழைய வழக்கம். கிளம்பும்போது ஃபிரிட்ஜைத் திறந்தே ஆக வேண்டும், போட மறக்க முடியாது.)

நகரத்தில் நள்ளிரவு 1 மணி முதல் 4 மணி வரை தெரு அடங்கியிருக்கும். மழைக்காலத்தில் தவளை ஒத்துழைக்காது.

காலடி

மேல்மாடியை விடத் தரைத்தளம் நல்லது. மேல்தளத்தின் தரை அடிக்கு அடி "தொம்" என்று அதிரும், திரையில் தெரிவதோ தரைத்தள வீடு. தனி ஓடு ஒன்றை வாங்கி வந்து தரையில் வைத்து நடப்பவர்களும் உண்டு. ஒட்டாத ஓடு கடகடவென்று ஆடி, செருப்பைவிட ஓடு அதிகம் பேசும். சிமென்ட் பூசி ஒட்டிய தரைதான் சரி.

மைக்கைக் கால் மட்டத்திலிருந்து ஓரடி உயரத்தில், 3 அடி தள்ளி, பாதத்தை நோக்கி வையுங்கள். தூர ஷாட்டுகளுக்கு 6 அடி. அதற்கு மேல் போக வேண்டாம், அறை கேட்க ஆரம்பித்துவிடும். மீதித் தூரத்தை, எல்லாச் சத்தங்களையும் சேர்த்துக் கலக்கும் மிக்ஸில் செய்துகொள்ளலாம். நடப்பது ஒரே இடத்தில் நின்றபடிதான். குதிகால் முதலில், பிறகு விரல் பகுதி என்று எடையைச் சாய்த்து மிதித்தால், நகராமலே நடை வரும். இரண்டு பாதமும் ஒரே நேரத்தில் தட்டென்று விழுந்தால் அணிவகுப்புபோல ஆகிவிடும்.

ஹவாய் செருப்பின் ஒவ்வொரு அடியிலும் இரண்டு சத்தம் உண்டு. செருப்பு தரையில் விழுவது ஒன்று. குதிகால் மேலே எழும்போது, பின்தங்கிய செருப்பு எகிறி வந்து குதிகாலில் அடிப்பது இன்னொன்று. நின்ற இடத்தில் மிதிக்கும்போது குதிகாலை வேண்டுமென்றே விசுக்கென்று தூக்காவிட்டால் இந்த இரண்டாவது சத்தம் வராது. அது இல்லாவிட்டால் யாரோ ரப்பர் ஷூ போட்டு நடப்பதுபோலக் கேட்கும். புதுச் செருப்பு விறைப்பாக இருக்கும், அடிக்கும் சத்தம் மொட்டையாக வரும். தேய்ந்த பழைய செருப்பைத் தேடி எடுங்கள்.

வெறுங்கால் இதைவிடக் கடினம், சத்தமே மிகக் குறைவு. மொசைக்கில் வெறுங்காலுக்குக் குதிகாலின் மந்தமான இடியும், உள்ளங்கால் தரையிலிருந்து பிரியும்போது ஒட்டி விடுபடும் சன்னமான சத்தமும் சேர்ந்திருக்க வேண்டும். கால் காய்ந்து கிடந்தால் இரண்டாவது கிடைக்காது. ஈரத்துணியில் பாதத்தை ஒற்றி எடுத்துவிட்டு நடங்கள். ஈரம் அதிகமானால் குளியலறையிலிருந்து வந்தவள்போல ஆகிவிடும். ஒரு நடைக்கு ஒரு ஒற்றல் என்று வைத்துக்கொள்ளுங்கள். அப்போதும் எடுபடவில்லை என்றால் உள்ளங்கையின் அடிப்பக்கச் சதையால் தரையில் மெதுவாகத் தட்டிப் பாருங்கள். கை மைக்குக்கு மிக அருகில் வரலாம், அழுத்தத்தையும் நன்றாகக் கட்டுப்படுத்தலாம்.

9 அடி நடையில் முதல் அடியும் கடைசி அடியும் மற்ற 7 போல இருக்கக் கூடாது. முதல் அடியில் உடல் திரும்பும் சிறு உரசல் இருக்கும். கடைசியில் ஒரு கால் நின்றபின் மற்றது வந்து சேரும், அது எடையில்லாத சின்ன அடி. இந்தச் சேரும் அடியை விட்டால், ஆள் நின்ற பிறகும் இன்னும் நடந்துகொண்டிருக்கிறாள் என்று காது காத்திருக்கும்.

25 ஃபிரேமில் ஒரு ஃபிரேம் என்பது 40 மில்லிநொடி. குதிகால் தரையைத் தொடும் ஃபிரேமில் சத்தம் தொடங்க வேண்டும். ஒரு ஃபிரேம் பிந்தினால் பெரும்பாலும் யாரும் கவனிக்க மாட்டார்கள், ஏனென்றால் நிஜ வாழ்விலும் காட்சி முதலில் வந்து சத்தம் பிறகு வருவது நமக்குப் பழக்கம். முந்தினால் உடனே உறுத்தும். எனவே சந்தேகம் வரும் இடத்தில் பின்பக்கம் சாயுங்கள். எல்லா அடியும் ஒரே அளவு பிந்தியிருந்தால் அது பதிவுக் கருவியின் தாமதம். மொத்த டேக்கையும் ஒரே நகர்த்தலில் முன்னே தள்ளிவிடலாம்.

துணியும் வளையலும்

துணிக்குத் தனி டேக். சேலையின் ஒரு முழ அகலத்தை இரண்டு கையிலும் மடிப்பாகப் பிடித்து, மைக்குக்கு ஓரடி முன்னால் வைத்து, நடிகையின் இடுப்பையும் தோளையும் பார்த்துக்கொண்டே முழுக் காட்சியையும் ஒரே மூச்சில் செய்யுங்கள். நடக்கும்போது அடிக்கு ஒரு சிறு உரசல், குனியும்போது நீண்ட ஒன்று, நின்றால் அமைதி. இங்கே கைக்கு ஓய்வு கொடுக்கத் தெரிவதுதான் திறமை. இடைவிடாமல் உரசினால் மழைபோலக் கேட்கும்.

திரையில் உள்ள துணியையே பிடிக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. கஞ்சி போட்ட புதுப் பருத்திச் சேலை மைக்கில் காகிதம்போல மொறுமொறுக்கும். பாலியஸ்டர் "ஸ்ஸ்" என்று சீறும். பலமுறை துவைத்த லுங்கியோ பழைய வேட்டியோ திரையில் உள்ள பருத்திச் சேலைக்கு மிகப் பொருத்தமாக இருக்கும். பட்டுச் சேலை என்றால் மட்டும் பட்டையே எடுங்கள், அதன் சரசரப்பை வேறெதுவும் தராது.

துணியின் சத்தம் சின்னது என்பதால் கெயினை நன்றாகக் கூட்ட வேண்டியிருக்கும். அறையின் இரைச்சலும் உங்கள் மூச்சும் அப்போதுதான் வெளிப்படும். முகத்தை மைக்குக்குப் பக்கவாட்டில் திருப்பி, வாயைத் திறந்து மெதுவாக மூச்சுவிடுங்கள், மூக்கால் விட்டால் சீறல் பதிவாகும். நீங்கள் உடுத்தியிருப்பது இறுக்கமான பனியன் வகைத் துணியாக இருக்கட்டும். இல்லாவிட்டால் உங்கள் சட்டையும் நடிக்கத் தொடங்கிவிடும்.

வளையலைக் கையில் போட்டுக்கொண்டு மற்ற வேலைகளைச் செய்யாதீர்கள். பாத்திரம் வைக்கும் டேக்கில் வளையலும் கலந்துவிட்டால், இயக்குநர் "வளையல் கொஞ்சம் குறைங்க" என்று சொல்லும்போது குறைக்க வழியில்லை. வளையலுக்கு மட்டும் ஒரு டேக். 5 கண்ணாடி வளையலை மணிக்கட்டில் போட்டுக் கையசைவை மட்டும் செய்யுங்கள். கொலுசு இருந்தால் அதற்கும் இதே விதி. கொலுசைக் காலில் கட்டாமல் கையில் பிடித்து, குதிகால் படும் கணத்தில் ஒரு சிறு உதறல் கொடுத்தால் ஒவ்வொரு மணியும் தெளிவாக விழும்.

கதவு

பெரிய ஸ்டுடியோக்களில் கதவை ஃபோலிக்காரர் முழுதாகச் செய்வதில்லை. பலகை சாத்துவது, கனமான கீல் முதலியவற்றை ஒலி எடிட்டர், முன்பே பதிவு செய்து வைத்த ஒலிகளின் தொகுப்பான லைப்ரரியிலிருந்து போடுவார். கை படுவது, தாழ்ப்பாள், பூட்டு ஆகியவை ஃபோலிக்கு வரும். இருவரும் ஒரே ஆள் என்றாலும் பட்டியலில் இந்தப் பிரிவினையைக் குறித்துக்கொள்ளுங்கள், இரண்டும் பதிவாகும் இடம் வேறு. பூட்டைப் படுக்கையறையில் மைக் முன்னால் பிடித்து எடுக்கலாம். கதவைக் கழற்றிக் கொண்டுவர முடியாது.

பலகைக்கு, படத்தில் உள்ள கதவின் வகையைச் சேர்ந்த ஒன்றைத் தேடுங்கள். பழைய தேக்குக் கதவு நிலையில் சேரும்போது கனமான ஒற்றை இடி கேட்கும். ஒட்டுப்பலகைக் கதவு பெட்டியைத் தட்டியதுபோல வெற்றாக ஒலிக்கும். கேமரா எந்தப் பக்கம் இருக்கிறதோ அந்தப் பக்கம் மைக்கை வையுங்கள். நம் காட்சியில் வரி 11 வெளியிலிருந்து, வரி 14 உள்ளிருந்து. ஒரே பக்கம் இரண்டையும் எடுத்தால் அவள் வாசலைத் தாண்டியதே காதுக்குத் தெரியாது. மைக் 3 அடி தூரத்தில், கதவு வீசும் பாதைக்கு வெளியே இருக்க வேண்டும். வேகமாக வரும் பலகை காற்றைத் தள்ளினால் மைக்கில் "புஃப்" என்று ஒரு இடி விழும். அது நல்ல கதவுச் சத்தம் என்று தோன்றலாம், நல்ல ஸ்பீக்கரில் கேட்டால் காற்று என்று தெரிந்துவிடும்.

கதவை மூடும் டேக்கில் கை கைப்பிடியைப் பிடித்தே இருக்கட்டும். தள்ளிவிட்டால் பலகை நிலையில் மோதி ஒருமுறை எகிறி மறுபடி மோதும். திரையில் அவள் மெதுவாகச் சாத்துகிறாள், அங்கே இரட்டை இடி கோபம்போலக் கேட்கும்.

கீல் கிரீச்சிடுவதற்கு எண்ணெய் காணாத கதவு வேண்டும். வேகமாகத் திறந்தால் கிரீச் குட்டையாகி மறைந்துவிடும். பலகையைச் சற்று மேல்நோக்கித் தூக்கிப் பிடித்தபடி மெதுவாக நகர்த்தினால் கீலில் அழுத்தம் கூடி நீளமாக வரும். கதவு கிடைக்காவிட்டால் ஆடும் பழைய மரநாற்காலியில் உட்கார்ந்து எடையைச் சாய்த்துப் பாருங்கள். 1 நொடிக்கு மேல் கிரீச் வேண்டாம். தினமும் ஆள் புழங்கும் வீட்டில் அதற்கு மேல் கிரீச்சிட்டால் பார்ப்பவர் பேயை எதிர்பார்ப்பார்.

இரும்புக் கேட்டை அது இருக்கும் இடத்திலேயே அதிகாலையில் எடுங்கள். கொண்டியைத் தூக்குவது, கீல், திரும்ப மோதுவது, மோதிய பின் கம்பிகள் அதிர்ந்து அடங்குவது என்று 4 துண்டு. அதிர்வு முழுதாக அடங்கும்வரை அசையாமல் நில்லுங்கள். பதிவை 5 நொடி முன்னதாக நிறுத்திவிட்டால் அந்த வாலை எங்கிருந்தும் கடன் வாங்க முடியாது.

சமையலறை

எவர்சில்வர்தான் இங்கே பெரிய தொந்தரவு. காலி டம்ளரைக் கிரானைட் மேடையில் வைத்தால் மணியடித்ததுபோல இரண்டு மூன்று நொடி ரீங்கரிக்கும். சமையலறையில் நிற்கும்போது இது நமக்கு உறைப்பதில்லை, மைக் மட்டும் விடாமல் பிடிக்கும். இதற்கு மருந்து பாத்திரத்துக்குள் இருக்கிறது. திரையில் பால் இருக்கும் பாத்திரம் என்றால் அதே அளவு தண்ணீர் ஊற்றி எடுங்கள், ரீங்காரம் தானாகக் குறையும். காலியாகத்தான் இருக்க வேண்டும் என்றால் அடியில் ஒரு மடித்த ஈரத்துணித் துண்டைப் போடுங்கள், அல்லது வைத்ததும் விரலை எடுக்காமல் பிடித்திருங்கள். டம்ளர், டபரா, பால் பாத்திரம் மூன்றும் ஒன்றையொன்று ஒத்த சுருதியில் ஒலித்தால் ஒரே பொருளை மூன்று முறை வைத்ததுபோல ஆகும். கையில் உள்ள டம்ளர்களைத் தட்டிப் பார்த்து வேறு வேறு சுருதி உள்ளவற்றைத் தேர்ந்தெடுங்கள்.

அடுப்பைப் பட்டியலில் 5 வரியாக எழுதுங்கள்: திருகு திரும்புவது, அரை நொடி வாயு, லைட்டர் இரண்டு முறை, தீப்பிடிக்கும் "பொப்", தொடர்ந்து எரிவது. லைட்டரை வாயு மூடிய நிலையில் தனியாக எடுங்கள். அதன் சொடுக்கு மிகக் கூர்மையானது, மீட்டரில் −12 டெசிபல் தொடும்படி கெயினை இறக்கிவையுங்கள். தீப்பிடிப்பதை உண்மையான அடுப்பில், மைக்கை 2 அடி பக்கவாட்டில் வைத்து எடுக்கலாம். தீக்கு மேலே மைக்கைக் கொண்டுபோகாதீர்கள். சத்தம் வராதென்று சன்னலை மூடியிருப்பீர்கள், ஆகவே டேக் முடிந்ததும் அடுப்பை அணைத்துவிடுங்கள்.

எரியும் சத்தத்தில் ஒரு சிக்கல். பதிவில் அது வெறும் "ஸ்ஸ்" இரைச்சல், மைக் கோளாறு என்றே கேட்பவர் நினைப்பார். தீப்பிடிக்கும்போது நன்றாகக் கேட்கவிட்டு, அடுத்த 3, 4 நொடிக்குள் பாதிக்கும் கீழே இறக்கிவிடுங்கள். இருப்பது மறந்துபோகும். அடுப்பை அணைக்கும் ஃபிரேமில் அது சட்டென்று நின்றால்தான் இவ்வளவு நேரம் எரிந்தது காதுக்கு உறைக்கும். அந்தக் கணத்துக்காகவாவது அதை மெலிதாகக் கடைசிவரை ஓடவிட வேண்டும்.

பால் பாத்திரத்தை இடுக்கியால் இறக்குவது தனியாக மூன்று வரி. இடுக்கி விளிம்பைக் கவ்வும் சிறு "டிக்", அடுப்புக் கம்பியிலிருந்து விடுபடும் உரசல், மேடையில் அமர்வது. இந்த "டிக்" மிகச் சின்னது, ஆனால் கிட்டத்து ஷாட்டில் இது இல்லாவிட்டால் பாத்திரம் மிதப்பதுபோல இருக்கும்.

இனி ஆற்றுவது. இதைக் கடைசியாக எடுங்கள், எல்லாம் ஈரமாகிவிடும். டம்ளரில் ஊற்றும்போது திரவம் ஏற ஏற உள்ளே இருக்கும் காற்றின் உயரம் குறைவதால் சுருதி மேலே ஏறும். ஒடுங்கிய டம்ளரில் இந்த ஏற்றம் நன்றாகத் தெரியும், அகன்ற டபராவில் அவ்வளவாகத் தெரியாது. ஆகவே நீளமான ஒரு பதிவின் நடுவிலிருந்து வெட்டி எடுத்து ஒட்ட முடியாது. திரையில் டம்ளர் காலியாகத் தொடங்குகிறது என்றால் சுருதியும் கீழிருந்து தொடங்க வேண்டும். படத்தில் எத்தனை முறை ஆற்றுகிறாளோ, ஒவ்வொன்றையும் முழுதாகச் செய்யுங்கள்.

குளிர்ந்த தண்ணீரில் செய்தால் சத்தம் கூர்மையாகச் சலசலக்கும், குழாயடிபோல. சூடான திரவம் மந்தமாக ஒலிக்கும், நுரை அதை இன்னும் மழுக்கும். இந்த ஒரு வரிக்கு மட்டும் உண்மையான சூட்டில் காப்பியே போட்டுவிடுங்கள். முதல் மூன்று டேக்குக்குள் முடித்தால் குடிக்கவும் செய்யலாம்.

சத்தத்தைப் படத்தோடு பொருத்தும்போது டம்ளர் சாயும் ஃபிரேமைப் பிடிக்காதீர்கள். ஓரடி உயரத்திலிருந்து ஊற்றினால் காப்பி கீழே விழுந்து சேரக் கால் நொடி ஆகும், 25 ஃபிரேமில் அது 6 ஃபிரேம். சத்தம் தொடங்குவது அப்போதுதான். முடிவிலும் அப்படியே: மேலே டம்ளர் நிமிர்ந்த பிறகும் கடைசித் தாரை விழுந்துகொண்டிருக்கும், பிறகு இரண்டு மூன்று சொட்டு. இந்தச் சொட்டுகளைத் தனியாக 10 எடுத்து வைத்துக்கொண்டால் தேவையான இடத்தில் போட்டுக்கொள்ளலாம்.

ஒப்படைக்கும் முன்

கோப்புகளுக்குப் பட்டியல் எண்ணோடு பெயரிடுங்கள். காலடிக்கு FT, துணிக்கு CL, பொருளுக்கு PR, கதவுக்கு DR, டேக் எண்ணுக்கு T என்று வைத்துக்கொண்டால் இப்படி வரும்:

```
FT_16_barefoot_mosaic_T3.wav
DR_15_thazhpal_T1.wav
PR_31_tumbler_pour_T2.wav
```

ஒவ்வொரு வெட்டின் முனையிலும் சத்தம் மெல்ல ஏறவோ இறங்கவோ 5 முதல் 10 மில்லிநொடி ஃபேட் கொடுங்கள், இல்லாவிட்டால் "டிக்" என்று துள்ளும். துணி டேக்கின் அளவு மீட்டரில் மிகக் கீழே இருக்கிறதே என்று எல்லாக் கோப்புகளையும் ஒரே உயரத்துக்கு ஏற்றிவிடாதீர்கள். துணி துணியளவில்தான் இருக்க வேண்டும், அது டம்ளரோடு போட்டியிட்டால் மிக்ஸ் செய்பவர் முதல் வேலையாக அதைத்தான் அணைப்பார்.

பிறகு பைலட் டிராக்கை அணைத்துவிட்டுக் காட்சியை ஒருமுறை சாதாரண ஒலியளவில் பாருங்கள். எந்தச் சத்தம் "இதோ நான்" என்று தனியாகத் தெரிகிறதோ அது பெரும்பாலும் அளவு அதிகம், அல்லது தூரம் தவறு. அடுத்து பைலட்டைப் போட்டு, ஃபோலியை அணைத்துக் கேளுங்கள். பைலட்டில் இருந்து உங்கள் பட்டியலில் இல்லாத சத்தம் ஏதாவது தட்டுப்பட்டால் அதற்கு ஒரு புது எண் கொடுத்து, மறுநாள் இரவுக்கு எழுதிவையுங்கள். எடுக்க முடியாமல் லைப்ரரியிலிருந்து போட்ட வரிகளுக்கு எதிரே "லை" என்று குறித்து, திருத்திய பட்டியலையும் கோப்புகளோடு சேர்த்து மிக்ஸுக்கு அனுப்புங்கள். வீட்டில் எடுத்ததற்கும் லைப்ரரிக்கும் எதிரொலி வேறு என்பதால், எது எது என்று தெரிந்தால்தான் மிக்ஸ் செய்பவர் இரண்டையும் ஒரே அறைக்குள் கொண்டுவருவார்.